ஒன்றில் முடியும் ஐந்து விலைகள்

என்னுடையது பட்டன் போன். அதில் படம் வராது. பேத்தி அதைக் கையில் வாங்கினால் செங்கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆனால் என் ஷேர் கணக்குக்குள் யார் நுழைய வேண்டும் என்றாலும், அதிலிருந்து ஒரு ஷேரை விற்க வேண்டும் என்றாலும், ஆறு எண்கள் அந்தச் செங்கல்லுக்குத்தான் வந்து சேரும். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது, பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எண்கள் ஓடும். அந்த ஆறையும் நான் வாயைத் திறந்து சொன்னால்தான் கணக்கு அசையும். நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று இந்த வயதில் யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

என் மகனுக்கு இது பிடிக்கவில்லை. பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். உலகத்தில் எதையும் போனில் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் அவனுக்கு நம்பிக்கை வரும். மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்க்காமல் போனைப் பார்ப்பான்.

"உங்க நம்பர எடுத்துப்போட்டு என் நம்பரப் போட்டுக்கலாமுங்கம்மா," என்றான் ஒரு நாள். என்னிடம் எப்போதும் நீ, வா என்றுதான் பேசுவான். எரிச்சல் வந்தால்தான் அவனுக்கு 'ங்க' வரும்.

"எதுக்கு?"

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதாங்க."

"எனக்கென்னடா சிரமம்? ஆறு எண்ணுப் படிக்கறதுக்கு மூச்சா வாங்குது?"

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அன்னூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டுப் பங்கில் ஒரு துண்டு நிலம் ரோட்டை அகலப்படுத்துவதற்குப் போயிற்று. அதற்கு அரசாங்கம் கொடுத்த பணத்தில் கடன், கண்ணி எல்லாம் போக ஒரு லட்சத்துச் சொச்சம் என் கையில் நின்றது. அவன் அதை மியூச்சுவல் பண்டில் போடலாம் என்றான். மாதாமாதம் யாரோ முன்பின் தெரியாத ஆள் நமக்காக வாங்கி விற்பாராம். நான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பம்பு கம்பெனியின் ஷேரைத்தான் வாங்குவேன் என்றேன். அந்தக் கம்பெனியின் மோட்டாரைப் பற்றி அவர் நாற்பது வருஷம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசி நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தண்டனைக்கு ஏதாவது பலன் வேண்டாமா?

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. அன்றைக்கு அந்த ஷேர் ஐந்நூற்று நாற்பது ரூபாய். இரண்டு மாதம் முன்னால் அறுநூறுக்கு மேலே இருந்தது. காரணம் மழை. அந்த வருஷம் நல்ல மழை. கிணறெல்லாம் நிறைந்து கிடக்க, எவன் புது மோட்டார் வாங்குவான்? ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிட, பம்பு ஷேர் வைத்திருந்தவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து முறைத்த வருஷம் அது.

"சரி," என்றான் மகன். "அதே ஷேரை அதே பணத்துக்கு நாளைக்குக் காலைல நான் ஒரே அடியா வாங்கறேன், என் கணக்குல. நீ உன் இஷ்டத்துக்கு வாங்கு. இந்த மாசம் முடியற அன்னைக்குப் பாப்போம். என்னுது உன்னுதைவிட நல்லா இருந்தா நம்பர மாத்தறோம். உன்னுது நல்லா இருந்தா நான் அந்தப் பேச்சே எடுக்கல."

"எழுதி வேணுமா, வாய்ச்சொல் போதுமா?"

"போதும்மா."

அவன் பொண்டாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெத்த அம்மாகிட்டயே பந்தயமா? உருப்படும் குடும்பம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளிடம் அவன் சொன்னது விளையாட்டுப் பந்தயம் என்றுதான். நிஜப் பணம் போடுவதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது என் பழக்கம் இல்லை.

நான் வாங்கும் இடம் அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. புரோக்கர் கம்பெனியின் கிளை என்று போர்டு இருக்கும். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு டிவி. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்ற மனிதர்கள். வீட்டில் இருந்தால் காய் நறுக்கச் சொல்வார்கள் என்று பயந்து வந்து, இங்கே நாட்டின் பொருளாதாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். டிவியில் கோட்டுப் போட்டவர் ஷேர் ஏறும் என்றால் இவர்களும் தலையை ஆட்டுவார்கள். அடுத்த சேனலில் இறங்கும் என்றால் அதற்கும் அதே தலை. பேக்கரியிலிருந்து பதினோரு மணிக்கு மேலே வரும் பப்ஸ் வாசனைக்குத்தான் அங்கே எல்லோரும் ஒரே மனதாக எழுந்து பார்த்திருக்கிறேன்.

பொம்பளை என்று நான் ஒருத்திதான். கம்ப்யூட்டரில் ஆர்டர் போடும் பெண்ணைச் சேர்த்தால் இரண்டு. அந்தப் பெண் போத்தனூரிலிருந்து பஸ் மாறி வருவாள். ஒன்பது மணிக்குச் சந்தை திறக்கும் முன் கழுத்துச் சிலுவையை ஒருதரம் தொட்டுக்கொள்வாள். நாங்கள் போடச் சொல்லும் ஆர்டர்களைப் பார்த்திருந்தால் யாரும் அதைச் செய்வார்கள்.

என் பக்கத்து நாற்காலி பாயுடையது. கோட்டைமேட்டில் ஜவுளிக் கடை. கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வந்தவர். அவருக்குத் துணி, ஷேர் எல்லாமே சரக்குதான்.

"அம்மணி," என்றேன் அந்தப் பெண்ணிடம். "பம்பு ஷேர் இருநூறு வேணும். ஆனா இந்த விலைக்கு வேண்டாம்."

"எந்த விலைக்குங்கம்மா?"

"அஞ்சு விலைக்கு."

பாய் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அந்த யோசனை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சந்தை கலையும் நேரத்தில் தக்காளி வாங்கிப் பழகியவள் நான். முதலில் சொல்லும் விலைக்கு வாங்கினால் ஏமாளி. கடைசி வரைக்கும் காத்திருந்தால் அழுகல்தான் மிஞ்சும். அதனால் நாலு மணிக்கு அரைக் கிலோ, விலை இறங்கினால் இன்னொரு கிலோ, கூடையைக் கவிழ்க்கும் நேரத்தில் இரண்டு கிலோ. ஷேரும் விழுந்துகொண்டிருக்கிறது. எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியாது, டிவியில் கோட்டுப் போட்டவருக்கும் தெரியாது. அதனால் ஏணிபோலப் படி வைத்தேன். ஐந்நூற்று முப்பத்தொன்றுக்கு இருபது. ஐந்நூற்று இருபத்தொன்றுக்கு முப்பது. ஐந்நூற்றுப் பதினொன்றுக்கு நாற்பது. ஐந்நூற்று ஒன்றுக்கு ஐம்பது. நானூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு அறுபது. கீழே போகப் போக அதிகம். எல்லாம் கிடைத்தால் சராசரி ஐந்நூற்று ஆறு ரூபாய்க்கு வரும் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"எல்லாம் கெடச்சாங்க," என்று சேர்த்தும் சொன்னாள்.

"அதென்னக்கா எல்லாத்துலயும் ஒண்ணு?" என்றார் பாய்.

"மொய் வைக்கறப்ப நூறு வைப்பீங்களா, நூத்தியொண்ணு வைப்பீங்களா?"

"கல்யாணத்துக்கு வைக்கறதுங்க அது."

"நல்ல காரியம் எதுவா இருந்தாலும் ஒண்ணுலதான் முடியோணும். முட்டைல முடிஞ்சா வெளங்காது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போட்டாள். போட்டுவிட்டு, இது நல்லதுதான் என்றாள். மற்றவர்கள் எல்லாம் முழு எண்ணில், ஐந்நூற்று இருபது, ஐந்நூற்றுப் பத்து என்று வரிசையில் நிற்பார்களாம். ஒரு ரூபாய் கூடக் கொடுப்பவருக்கு முதலில் கிடைக்குமாம். ஒரே விலையாக இருந்தால் யார் முதலில் ஆர்டர் போட்டாரோ அவருக்கு முதலில். ரேஷன் கடை போலத்தான், பை போட்டு இடம் பிடிப்பது மட்டும் கிடையாது. கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மொய் வைத்த பரம்பரைக்குத் தெரியாததா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன். இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். ஆர்டர் அன்றைக்கு மட்டும்தான். மூன்றரைக்குச் சந்தை மூடினால் கிடைக்காதது எல்லாம் ரத்து. மறுநாள் மறுபடி போட வேண்டும். ஒரு வருஷம் வரைக்கும் தானாகக் காத்து நிற்கும் வகையும் இருக்கிறது, அதைப் போட்டால் தினமும் வர வேண்டியதில்லை என்றாள். தினமும் வர வேண்டியதில்லை என்பதை ஒரு வசதியாகச் சொன்னாள் பாருங்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆர்டர் போட்டதும் ஐந்து படிக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் கம்ப்யூட்டர் கட்டிப்போட்டுவிட்டது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சாயங்காலம் வரை அதைத் தொட முடியாது. கிடைத்த ஒவ்வொரு ஆர்டருக்கும் புரோக்கருக்குக் குறைந்தது முப்பது ரூபாய். ஒரே அடியாக வாங்கியவனுக்கு ஒரு தரம், ஐந்தாகப் பிரித்தவளுக்கு ஐந்து தரம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பேரம் பேசப் போகிறவள் பஸ் காசுக்கு அழுவதில்லை.

அன்று காலை மகன் தன் போனில் ஐந்நூற்று நாற்பதுக்கு நூற்று எண்பத்தேழு ஷேரையும் ஒரே தட்டில் வாங்கிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். பாயும் அதே விலைக்கு நூறு வாங்கிப்போட்டார். "விலை பிடிச்சிருக்குது, வாங்கறேன். பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போறேன். ஜவுளில அம்பது வருசம் இப்படித்தானுங்க," என்றார்.

அன்று மதியமே ஷேர் ஐந்நூற்று முப்பத்தொன்றைத் தொட்டு என் முதல் படி நிறைந்தது. மறுநாள் ஐந்நூற்று இருபத்தொன்று. என் பெருமையைக் கேட்க வேண்டுமா? சாயங்காலம் மகன் வந்ததும் சோறு போடும்போதே சொன்னேன். "உனக்கு அஞ்சு நாப்பது. எனக்கு அஞ்சு இருபத்தஞ்சு சராசரி. ரசம் ஊத்தட்டுமா?"

மூன்றாம் நாள் ஷேர் இன்னும் இறங்கிற்று. ஐந்நூற்றுப் பதினைந்து. பதினான்கு. டிவியில் கோட்டுப் போட்டவர் இது இன்னும் ஆழமாகப் போகும் என்றார். பன்னிரண்டரை. பதினொன்றரை. நாற்காலிகளில் எல்லோரும் என் பம்பு ஷேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிரசவ ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்பதுபோல.

"அம்மா, பதினொன்னரைல விக்கறதுக்கு ஆள் நிக்குது," என்றாள் அந்தப் பெண். "உங்களுது பதினொண்ணுல நிக்குது. அரை ரூவாதான் இடைல. பன்னண்டுன்னு மாத்திப்போட்டா இப்பவே நாப்பதும் கெடச்சுருங்க."

"பன்னண்டா?"

"ஆமாங்க. இல்லீன்னா பதினொன்னரைன்னே போடட்டுங்களா?"

"மொய்ல அரை ரூபா எங்கியாச்சும் பாத்திருக்கறயா அம்மணி?"

"ஒரு ரூவாதானுங்கக்கா," என்றார் பாய். "நாப்பது ஷேருக்கு நாப்பது ரூவா. ரெண்டு பப்ஸ் விலை."

"ரூபா இல்லீங்க பாய். நான் சொன்ன விலைக்கு அவன் வரட்டும். நான் ஏன் அவங்கிட்டப் போகோணும்?"

அவன் வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் பதினொன்றரையில் நின்றிருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனான். ஷேர் பதின்மூன்று ஆயிற்று, பதினெட்டு ஆயிற்று, மூடும்போது ஐந்நூற்று இருபத்தேழு. என் மூன்றாவது படியை அது மிதிக்கவே இல்லை. அரை ரூபாய் உயரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறிவிட்டது.

அதற்கப்புறம் ஏறியதுதான். மழை திடீரென்று நின்றுபோய், வெயில் அடித்து, விவசாயிகள் முகம் சுருங்கச் சுருங்கப் பம்பு ஷேர் மலர்ந்தது. ஐந்நூற்று ஐம்பது. அறுபத்தைந்து. ஐந்நூற்றுத் தொண்ணூறு. நான் தினமும் காலையில் போய் மிச்சம் இருந்த மூன்று படியையும் போட்டேன். பதினொன்றுக்கு நாற்பது, ஒன்றுக்கு ஐம்பது, நானூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு அறுபது.

"ஷேர் அஞ்சு தொண்ணூறுல நிக்குதுங்கம்மா," என்பாள் அந்தப் பெண். "நாலு தொண்ணூத்தியொண்ணுக்கு வித்துப்போட்டுப் போறதுக்கு யாருங்க வருவாங்க?"

"வந்தா வரட்டும். நீ போடு கண்ணு."

"கட்டின பணம் சும்மா நிக்குதுங்களே. பேங்குல கெடந்தா வட்டியாச்சும் வருமுங்க."

"நிக்கட்டும். அதுக்கென்ன, கால் வலிக்குதா?"

வீட்டில் மகனுக்கு நிலைகொள்ளவில்லை. அவன் போனில் பச்சை நிறத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் லாபம் தெரிந்தது. என்னிடம் ஐம்பதே ஷேர், மூவாயிரத்துச் சொச்சம். அவனைவிடப் பதினைந்து ரூபாய் குறைந்த விலைக்கு வாங்கியவள் நான். லாபம் அவனுக்கு மூன்று பங்கு.

"அம்மா, உன் சராசரி எவ்வளவு சொன்னே?" என்பான் காபி குடிக்கும்போது.

"அஞ்சு இருபத்தஞ்சு."

"சூப்பரும்மா." இன்னொரு வாய் குடிப்பான். "நம்பர் மாத்தறதுக்கு உன் ஆதார் கார்டு எங்க வெச்சிருக்கறே?"

பாய்தான் அதை ஒரே வரியில் சொன்னார். நான் அந்தச் சராசரியை மறுபடி எடுத்ததும் டீயைக் கீழே வைத்தார். "வெல நல்லாத்தான் வாங்கீருக்கறீங்கக்கா. சரக்கு எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஏணி வைத்தால் விலை குறையும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். கிடைக்காமல் போவதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தக்காளி கிடைக்காவிட்டால் அன்றைக்குப் புளிக்குழம்பு வைத்துக்கொள்ளலாம். இங்கே புளிக்குழம்பு என்று எதுவும் இல்லை. நான் வெறும் கையோடு நிற்க, வண்டி போய்விடுகிறது. அதை அவரிடம் ஒத்துக்கொள்ள முடியுமா? "சரக்கு வரும் பாய்," என்றேன்.

அவர் ஐந்நூற்று எண்பத்தைந்துக்கே தன் நூறையும் விற்றுவிட்டு மகளுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டார். மகனிடம் அதைச் சொன்னேன். நீயும் விற்றுவிடேன் என்றேன். நிஜமாகவே நல்ல மனதோடுதான் சொன்னேன், பாதி நல்ல மனது.

"மாசம் முடியட்டுமும்மா. பந்தயம்னா பந்தயம்," என்றான். "இது இன்னும் போகும். கட்டத்துல தெளிவாத் தெரியுது." போனைக் காட்டினான். கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. போனின் விளிம்பில் போய் முடிந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம், சந்தை மூடிய பிறகு, பம்பு கம்பெனி ஒரு சேதி சொன்னது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய ஆர்டர் ரத்தாகிவிட்டதாம். நான் எட்டு மணிக்கெல்லாம் தூங்குகிறவள், எனக்கு அது தெரியாது. மறுநாள் காலையில் வழக்கம்போலப் போனேன். வழக்கம்போல மூன்று படி போடச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இன்னைக்குமுங்களா?"

"ஏன், இன்னைக்கென்ன அமாவாசையா?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். பின்னாலிருந்து நாலு பேர் விற்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்ததால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு என் ஆர்டரைப் போட்டுவிட்டாள். சந்தை ஒன்பதேகாலுக்குத்தான் முழுசாக ஓடும். அதற்கு முன்னால் ஒன்பது மணியிலிருந்து கொஞ்ச நேரம் வாங்குகிறவர், விற்கிறவர் எல்லோருடைய விலையையும் சேர்த்து வைத்து, எந்த விலையில் அதிகம் கைமாறுமோ அந்த ஒரே விலையில் திறப்பார்கள். அன்றைக்குப் பம்பு ஷேர் திறந்த விலை நானூற்று எண்பது.

ஐந்நூற்றுத் தொண்ணூறிலிருந்து படியே மிதிக்காமல் நேராக நானூற்று எண்பதில் குதித்துவிட்டது. நான் பத்துப் பத்து ரூபாய் இடைவெளி விட்டு அளந்து வைத்த மூன்று படியும் ஒரே நொடியில், ஒரே விலையில் நிறைந்தன. பதினொன்றுக்குக் கேட்டதும் எண்பது, ஒன்றுக்குக் கேட்டதும் எண்பது, தொண்ணூற்றொன்றுக்குக் கேட்டதும் எண்பது. ஏணியாக இல்லை, விறகுக்கட்டாகக் கீழே கிடந்தது.

"அம்மா," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "எல்லாம் கெடச்சுதுங்க."

"நான் கேட்டதவிடக் கம்மியா குடுத்திருக்கறாங்களே."

"ஆமாங்க. குடுத்துப்போட்டாங்க."

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரக்கு வந்துருச்சுங்கக்கா."

வந்துவிட்டது, முழுசாக. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு அது உறைத்தது. ஷேர் ஏறப்போகிற சமயம் என்னிடம் ஐம்பது இருந்தது. இறங்கப்போகிற சமயம் இருநூறும் வந்து சேர்ந்தது. இந்த ஏணி நல்ல ஷேரைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, கெட்ட ஷேரை அள்ளிக் கொடுக்கிறது. விருந்துக்கு வராத சொந்தம் கடன் கேட்க மொத்தமாக வருவதுபோல. இது என் தப்பா, ஏணியின் குணமா என்று யோசித்தேன். ஏணியின் குணம் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகும் தினம் கொஞ்சமாக இறங்கி, மாதக் கடைசி நாள் சந்தை மூடும்போது நானூற்று நாற்பது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகன் போனைக் கையில் எடுக்காமல் வந்தான். அதைப் பார்த்தே பொண்டாட்டிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என் கணக்கை விரலில் போட்டு வைத்திருந்தேன். இருநூறு ஷேர். சராசரி நானூற்றுத் தொண்ணூற்றொன்றேகால். என் நஷ்டம் பத்தாயிரத்து இருநூற்று ஐம்பது, புரோக்கர் காசு தனி.

"எனக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் போச்சு," என்றேன். "உனக்கு?"

"அதுதான் தெரியுதேம்மா."

"எனக்குத் தெரியாது. மூணாவதுதான் படிச்சிருக்கறேன்."

"பதினெட்டு எழுநூறு," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே.

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "எதுல பதினெட்டாயிரம்?" என்றாள் அவன் பொண்டாட்டி. "விளையாட்டுப் பந்தயம்னீங்க?"

அதற்கப்புறம் அங்கே நடந்ததைச் சொன்னால் எனக்கு நாளைக்குச் சோறு கிடைக்காது. சாரம் இதுதான். ஒன்பதாயிரம் லாபத்தில் நின்றபோது ஏன் விற்கவில்லை என்று அவள் கேட்டாள். பந்தயத்துக்காக என்று அவன் சொன்னான். அம்மாவின் ஒரு போன் நம்பருக்காகப் பிள்ளையின் பள்ளிக்கூட பீஸில் பாதியா என்று அவள் கேட்டாள். அவன் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தான்.

கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். "நீ ஜெயிச்சுட்டேம்மா," என்றான்.

பத்தாயிரம் தொலைத்துவிட்டு ஜெயித்தவள் என்று ஒரு பட்டம். என்னைவிட அதிகமாகத் தொலைத்தவன் கொடுத்தது. வாங்கிக்கொண்டேன். தலை நிமிர்ந்துதான் வாங்கிக்கொண்டேன். போன் என் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் கேட்டான். "அடுத்து எங்கம்மா படி வெக்கப்போறே?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

கணக்கில் மிச்சம் இருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தேன். நானூற்று முப்பத்தொன்றுக்கு இருபத்தைந்து, நானூற்று இருபத்தொன்றுக்கு இருபத்தைந்து என்றேன். இந்தத் தரம் கீழே அதிகம் வைக்கவில்லை. எல்லாப் படியும் ஒரே அளவு. அந்த மட்டும் எனக்குப் புத்தி வந்திருந்தது. ஒன்றில் முடிவதை மட்டும் மாற்றவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் வகுப்புக்காரியிடம் விலை கேட்டுக்கொண்டு போகிறான் என்று அன்று முழுக்க எனக்கு ஒரே குளிர்ச்சி.

மறுநாள் எங்கள் பஸ் வழியில் நின்றுபோய், நான் மாடி ஏறும்போது பத்து மணி ஆகிவிட்டது. அந்தப் பெண் என் ஆர்டரைப் போட்டாள். ஷேர் மெதுவாக இறங்கி வந்து நானூற்று முப்பத்தொன்றைத் தொட்டது. அந்த விலையில் விற்க வந்தவன் கொஞ்சம்தான் கொண்டுவந்தான். தொட்டுவிட்டு ஏறிவிட்டது. எனக்கு ஒரு ஷேர்கூடக் கிடைக்கவில்லை.

"தொட்டுச்சே அம்மணி. அப்புறம் ஏன் கெடைக்கல?"

"உங்களுக்கு முன்னாடி அதே விலைல யாரோ இருபத்தஞ்சு போட்டு நின்னிருக்கறாங்கம்மா. காலைல சந்தை தெறக்கறப்பவே. அவங்களுக்குத்தான் போச்சு."

"நாலு முப்பத்தொண்ணுலயா? எல்லாரும் முப்பதுலதானே நிப்பாங்க?"

"ஒண்ணுல முடியற விலைல நிக்கறது உங்களத் தவிர வேற யாருங்கம்மா இருக்கறாங்க," என்றாள் அவள்.

பாய் பப்ஸைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "உங்க பையன் இன்னைக்குக் காலைல நேரத்துலயே போனைக் கையில எடுத்துட்டானுங்களா?"

சாயங்காலம் மகன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் பழைய வெளிச்சம் தெரிந்தது.

"அம்மா, இன்னைக்கு நாலு முப்பத்தொண்ணுல இருபத்தஞ்சு வாங்கினேன்."

"தெரியும்."

"உனக்குக் கெடச்சுதா?"

என் போனை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதில் வந்த எந்த எண்ணும் அன்றைக்கு எனக்கு உதவவில்லை. ஆனாலும் அது என் போன்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்றேன்.